விற்பனை விளம்பரத்தில் தண்ணீரைப் பற்றி எவ்வளவு சொல்வது?

வரப்போரம்:
மூன்று ஏக்கர் நிலத்தையும் அதிலுள்ள சிறிய பண்ணை வீட்டையும் விற்க இருக்கிறேன். விளம்பரத்துக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "வற்றாத நீர்வளம், இரண்டு ஆழ்துளைக் கிணறுகள், வளமான செம்மண், வாசல் வரை பாதை, சுற்றிலும் வேலி." இரண்டு கிணறுகளில் ஒன்று கோடையில் நின்றுவிடும். பாதை சித்தப்பாவின் நிலத்தின் ஊடே வருகிறது. இதையெல்லாம் விளம்பரத்திலேயே சொல்லிவிட வேண்டுமா, கேட்டால் சொன்னால் போதுமா?

கைமாற்று:
நிலம் வாங்கி விற்றுக்கொடுப்பதே என் தொழில். விளம்பரத்தின் வேலை ஆளை நிலத்துக்கு வரவழைப்பதுதான். வந்தவர் மோட்டாரைப் போட்டுப் பார்ப்பார், பாதையில் நடந்து பார்ப்பார், வேலியைத் தொட்டுப் பார்ப்பார். குறைகளை நீங்களே வரிசையாக அடுக்கினால் அவர் வரவே மாட்டார். "வற்றாத" என்பதை மட்டும் எடுத்துவிட்டு "நல்ல நீர்வளம்" என்று போடுங்கள். பொய்யும் இல்லை, வம்பும் இல்லை.

துளைமானி:
மோட்டாரைப் போட்டுப் பார்ப்பதில்தான் ஏமாற்றமே தொடங்குகிறது. ஆறரை அங்குலத் துளையில் ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 21 லிட்டர் நீர் நிற்கும். நீர்மட்டம் 30 மீட்டரிலும் மோட்டார் 120 மீட்டரிலும் இருந்தால், இடையிலுள்ள 90 மீட்டரில் மட்டும் 1,900 லிட்டர் இருக்கிறது. வாங்க வருபவர் கால் மணி நேரம் பார்ப்பது பெரும்பாலும் இந்த இருப்பைத்தான். பாறை இடுக்கிலிருந்து ஊறி வரும் நீரை அவர் பார்ப்பதே இல்லை.

நண்பரே, 200 லிட்டர் டிரம் ஒன்றை வையுங்கள். மோட்டாரை நிறுத்தாமல் ஓட விட்டு, தொடக்கத்திலும் பிறகு அவ்வப்போதும் டிரம் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் இனி கூடாமல் ஒரே அளவில் நின்ற பிறகு கிடைப்பதுதான் உங்கள் கிணற்றின் உண்மையான கொடை. வெளியேற்றும் நீரைத் துளைக்குப் பக்கத்திலேயே விட்டுவிடாதீர்கள்.

புதுஉழவன்:
வரப்போரம் அண்ணா, அவசரப்பட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். ஒரு கிணறு நின்றுவிடுகிறது என்று விற்பவரே ஒத்துக்கொள்கிறார் என்றால் விலையை நன்றாகக் குறைத்துக் கேளுங்கள்.

வரப்போரம்:
தம்பி, விற்பவனே நான்தான்.

மேட்டுக்காடு:
டிரம், விநாடி என்றெல்லாம் எதற்கு? துளை போட்ட அன்றே எத்தனை இன்ச் தண்ணீர் என்று சொல்லியிருப்பார்களே, அதை எழுதினால் போதும். என் நிலத்தில் இரண்டு இன்ச். கேட்பவர்கள் எல்லோருக்கும் அது புரிகிறது.

துளைமானி:
அந்தப் பதிவு பயனுள்ளதுதான். கிணற்றின் வயதும் அன்று இருந்த நிலையும் அதில் தெரியும், இருந்தால் கட்டாயம் காட்டலாம். ஆனால் அதை வைத்து இன்றைய நீரைச் சொல்ல முடியாது. அதோடு, உங்கள் இரண்டு இன்ச் எந்த இரண்டு இன்ச்? துளை போடுகிறவர்கள் 'வி' வடிவில் வெட்டிய தகட்டின் வழியே நீரை விட்டு, வெட்டில் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்ப்பார்கள். செங்கோண வெட்டில் இரண்டு அங்குலம் என்றால் மணிக்குச் சுமார் 2,900 லிட்டர். இரண்டு அங்குலக் குழாய் நிறையக் கொட்டுகிறது என்று வாங்குபவர் நினைத்துக்கொண்டால், சாதாரண வேகத்தில் அது மணிக்கு 11,000 லிட்டர் வரை போகும். ஒரே சொல்லில் ஏறத்தாழ நான்கு மடங்கு வேறுபாடு. விளம்பரத்தில் லிட்டரில் எழுதுங்கள், யாருக்கும் இரண்டாவது பொருள் தோன்றாது.

மேட்டுக்காடு:
எங்கள் பக்கம் எல்லோரும் தகட்டு அளவைத்தான் சொல்வார்கள். வெளியூரார் குழப்பிக்கொண்டால் நான் என்ன செய்வது?

ஓட்டுவீடு:
தண்ணீரையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் பண்ணை வீடு வாங்கியபோது கிணறு, மண் எல்லாம் சொன்னபடியே இருந்தன. மாட்டிக்கொண்டது பாதையில். அது விற்றவருடைய அண்ணனின் நிலம். அண்ணன் தம்பிக்குள் இருந்த இணக்கத்தில் வண்டி போய் வந்துகொண்டிருந்தது. எனக்கும் அவருக்கும் என்ன உறவு? கொஞ்ச காலத்தில் குறுக்கே ஒரு இரும்புக் கதவு வந்தது. நடந்து போக விடுகிறார், லாரியை விடுவதில்லை. அந்தப் பாதையோரமாகக் குடிநீர்க் குழாய் பதிக்கக் கேட்டபோது அதற்கும் மறுத்துவிட்டார். வரப்போரம் சொல்லும் சித்தப்பா பாதையைப் படித்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

கைமாற்று:
அம்மா, உங்களுக்கு நடந்தது வருத்தம்தான். ஆனால் பத்திரத்தைப் படிக்காமல் வாங்கியது யார்? பாதை கண்ணெதிரே இருக்கிறது. "பாதை உண்டு" என்று எழுதுவதில் பொய் எங்கே இருக்கிறது?

ஓட்டுவீடு:
பத்திரத்தைப் படித்தேன் ஐயா. நான்கு எல்லையும் இருந்தது, பாதையைப் பற்றி ஒரு வரி இல்லை. "வாசல் வரை பாதை" என்று விளம்பரத்தில் இருந்ததால், இல்லாத வரியைத் தேட எனக்குத் தோன்றவில்லை. அந்தச் சொல்லை அங்கே வைத்தவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

துளைமானி:
பாதை என் துறை இல்லை, ஒன்றை மட்டும் சொல்கிறேன். உறவினர் விட்டுக்கொடுத்த பாதை அந்த உறவினரோடு போய்விடக்கூடியது. எழுதிப் பதிவு செய்த வழியுரிமை நிலத்தோடு சேர்ந்து கைமாறும். வரப்போரம் விளம்பரம் போடுவதற்கு முன்பே சித்தப்பாவிடம் பேசி, அகலம், எந்த வண்டிகள் போகலாம், குழாயும் மின்கம்பியும் பதிக்கலாமா என்பது வரை எழுதி வாங்கிவிட்டால் இந்தக் கேள்வியே எழாது. அவர் மறுத்தால், "பாதை உறவினர் நிலம் வழியாக, வாய்மொழி அனுமதியில்" என்று எழுதுவதைத் தவிர வேறு நேர்மையான வாசகம் எனக்குத் தெரியவில்லை.

கைமாற்று:
அந்த வாசகத்தோடு நிலம் விற்றால் எனக்கும் சொல்லியனுப்புங்கள்.

வரப்போரம்:
டிரம் வைத்துப் பார்த்துவிட்டேன். ஓடிக்கொண்டிருக்கும் கிணற்றில் தொடக்கத்தில் 75 விநாடியில் நிரம்பியது. இருபது நிமிடத்தில் 120 விநாடி. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு 240. மூன்றாவது, நான்காவது மணிகளில் 288 விநாடியில் அப்படியே நின்றுவிட்டது. இதை எப்படி எழுதுவது?

துளைமானி:
தொடக்கத்தில் மணிக்கு 9,600 லிட்டர், முடிவில் 2,500. நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சுகிறது. கால் மணி நேரம் பார்த்துவிட்டுப் போகிறவர் முதல் எண்ணை நம்பித்தான் பயிரைத் திட்டமிடுவார்.

2,500 லிட்டர் குறைவு என்று பயப்பட வேண்டாம், அதை வைத்து என்ன முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் நீர் நிற்க 4,047 லிட்டர் வேண்டும். கடும் வெயிலில் நிலத்தை முழுவதும் மூடியிருக்கும் பயிருக்கு நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தால் ஏக்கருக்கு 20,000 லிட்டருக்குச் சற்று மேல். மோட்டார் எட்டு மணி நேரம் ஓடினால் உங்கள் கிணறு 20,000 லிட்டர் தரும். ஆக, உச்சக் கோடையில் ஒரு ஏக்கர் காய்கறிக்கு ஏறத்தாழச் சரியாக இருக்கும், மூன்று ஏக்கருக்கு நிச்சயம் போதாது. இடைவெளி விட்டு நட்ட இளம் மரங்களுக்குச் சொட்டுநீர் என்றால் மூன்று ஏக்கரையும் சமாளிக்க வழியுண்டு. மரத்தோட்டம் போட நினைப்பவர் இதைப் படித்துவிட்டு வருவார். நெல் போட நினைப்பவர் வராமல் இருப்பது உங்களுக்கும் நல்லதுதானே?

கைமாற்று:
இங்கேதான் எனக்கு உண்மையான ஆட்சேபம். 2,500 என்று எழுதி வாங்கிக்கொண்டவர், அடுத்த கோடையில் 1,500 வந்தால் அந்த விளம்பரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வழக்குக்கு வருவார். "நல்ல நீர்வளம்" என்று எழுதியவனை யாரும் இழுக்க முடியாது. நேர்மையாக எழுதியவன் மாட்டிக்கொள்வான்.

துளைமானி:
அந்தப் பயம் வீண் என்று சொல்ல மாட்டேன். அதனால்தான் எண்ணைத் தனியாக எழுதக் கூடாது. எந்தத் தேதியில், எத்தனை மணி நேரம் ஓட்டி, எப்படி அளந்தது என்று சேர்த்து எழுதினால் அது அன்றைய அளவீடாக நிற்கும், உறுதிமொழி ஆகாது. மழைக்குப் பிறகு அளந்ததா, கோடையின் கடைசியில் அளந்ததா என்பதும் வர வேண்டும். வரப்போரம், நீங்கள் அளந்தது எப்போது?

வரப்போரம்:
மழை ஓய்ந்து சில வாரங்கள் ஆகின்றன.

துளைமானி:
அப்படியானால் அதையும் எழுதுங்கள். கோடையில் மறுபடி அளக்கும் வரை விற்பனையைத் தள்ளிப்போட முடிந்தால் இன்னும் நல்லது, முடியாவிட்டால் குற்றமில்லை.

கைமாற்று:
"இழுக்க முடியாது" என்று நான் சொன்னதற்கு இன்னும் பதில் வரவில்லை. தேதி போட்டால் வழக்கு வராது என்று யாரால் உத்தரவாதம் தர முடியும்?

மேட்டுக்காடு:
வேலியைப் பற்றி யாரும் பேசவில்லை. கைப்பேசியில் நான்கு மூலையையும் குறித்து அளந்து போட்டுவிடுங்கள், செலவில்லாத வேலை.

துளைமானி:
திறந்த வெளியிலேயே கைப்பேசி ஐந்து மீட்டர் வரை தவறலாம். நூறு மீட்டர் நீளமுள்ள ஒரு பக்கத்தில் ஐந்து மீட்டர் தள்ளினால் 500 சதுர மீட்டர், ஏறத்தாழ ஏக்கரில் எட்டில் ஒரு பங்கு. வேலி எங்கே இருக்கிறது என்று காட்ட அது போதும். எல்லை எங்கே என்று சொல்ல நில அளவையர்தான் வர வேண்டும். வேலியும் எல்லையும் ஒன்றுதானா, வரப்போரம்?

வரப்போரம்:
மூன்று பக்கம் ஒன்றுதான். ஓடைப் பக்கம் மண் சரிந்துகொண்டே இருந்ததால் அப்பா வேலியை உள்ளே தள்ளிப் போட்டார். அதையும் எழுதிவிடுகிறேன். மண்ணில் ஒரு சந்தேகம். மேல்மண் முழுவதும் செம்மண்தான். ஆனால் வடக்கு மூலையில் கடப்பாரை முழங்கால் ஆழத்திலேயே பாறையில் இடிக்கிறது.

ஓட்டுவீடு:
நாலைந்து இடத்தில் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி மூடாமல் விடுங்கள். வருபவர் எட்டிப் பார்த்துக்கொள்வார், நீங்கள் ஒரு சொல் சொல்ல வேண்டியதில்லை.

வரப்போரம்:
சரி, மாற்றி எழுதியதைப் போடுகிறேன்:

"மூன்று ஏக்கர், சிறிய பண்ணை வீட்டுடன். ஓடும் ஆழ்துளைக் கிணறு ஒன்று: நான்கு மணி நேரம் தொடர்ந்து ஓட்டிய பின் மணிக்கு 2,500 லிட்டர், மழைக்குப் பிந்தைய அளவீடு. மற்றொரு கிணறு கோடையில் நின்றுவிடும். செம்மண், வடக்கு மூலையில் பாறை மேலாக இருக்கிறது, குழிகள் வெட்டி வைத்திருக்கிறோம். பாதை உறவினர் நிலம் வழியாக. வழியுரிமைப் பத்திரம் பற்றிப் பேச்சு நடக்கிறது. வேலி நான்கு பக்கமும் உண்டு. ஓடைப் பக்கம் எல்லைக்கு உள்ளே இருக்கிறது."

கைமாற்று:
"பேச்சு நடக்கிறது" என்பதை எடுத்துவிடுங்கள். என் வாடிக்கையாளர் அந்த வரியைப் படித்தால் பேச்சு முடியட்டும் என்று உட்கார்ந்துவிடுவார். இரண்டாவது கிணற்றையும் இத்தனை முன்னால் வைத்திருக்க வேண்டாம். மற்றபடி, நான் நினைத்த அளவுக்கு மோசமாக இல்லை.

ஓட்டுவீடு:
அவர் உட்காரட்டும். பத்திரம் வந்த பிறகே விளம்பரத்தைப் போடுங்கள் என்பேன்.

துளைமானி:
தேதியைக் காணோம். நீரில் உப்பு எவ்வளவு என்பதும் இல்லை. ஆய்வகத்தில் கொடுத்து, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறனைப் பாருங்கள். 0.7-க்குக் கீழே என்றால் எந்தப் பயிருக்கும் தடையில்லை, 3-ஐத் தாண்டினால் பயிரைத் தேடித்தான் போட வேண்டும். அலகு டெசிசீமென்ஸ், மீட்டருக்கு. அறிக்கையில் வேறு அலகு இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். மோட்டார் ஓடி ஒரு மணி நேரமாவது ஆன பிறகு பாட்டிலில் பிடியுங்கள்.

வரப்போரம்:
நாளை பிடித்துக் கொடுக்கிறேன். சித்தப்பா ஊரில் இல்லை, வந்ததும் பேச வேண்டும்.