ராவில ஸ்டாப் லொஸ்ஸை நகர்த்திற கை: நித்திரையா, மார்க்கெட்டா?

கிளிநொச்சிப் பெடியன்: பகல் ஹார்ட்வெயார் கடையில வேலை, விடிய 5க்கு எழும்புறன், பின்னேரம் 6க்கு வீட்ட வந்து கோல்ட் ட்ரேட் பண்றன். கணக்கில 800 டொலர், ஒரு ட்ரேட்டுக்கு 8 டொலருக்கு மேல நட்டம் போகக் கூடாது எண்டது நானே போட்ட சட்டம். போன வியாழன் 7.20க்கு 8 போச்சு, 8.10க்கு 12 வந்திச்சு, அதோட எழும்பியிருக்கலாம். 10.40க்கு திரும்ப 8 போச்சு, 11.50க்கு ட்ரேட்டின்ர அளவை, அதுதான் லொட்டை, ரெண்டு மடங்காக்கி, நட்டத்தை வெட்ட வச்ச ஸ்டாப்பையும் ரெண்டு தரம் கீழ இழுத்து 27 போச்சு. கிட்டத்தட்ட எல்லாக் கிழமையும் உப்பிடித்தான், முன் ரெண்டும் ஒழுங்கு, பின் ரெண்டும் கூத்து. முடிவெடுத்து முடிவெடுத்து மூளை களைக்குதோ? என்ன செய்யலாம்?

மாங்குளத்தான்: ஓம் தம்பி அதேதான். இஸ்ரேல் நீதவான்மாரை வச்சு 2011ல ஒரு ஆய்வு வந்தது, காலமையும் சாப்பாட்டு இடைவேளை முடிஞ்ச உடனையும் கைதியளுக்குப் பரோல் கிடைக்கிறது கூட, நேரம் போகப் போகக் குறைஞ்சு கொண்டே போகும். நீயும் ஒவ்வொரு ட்ரேட்டுக்கும் இடையில நல்லாச் சாப்பிடு.

குளத்தடி: அண்ணை அந்த ஆய்வை அதுக்குப் பிறகு நல்லாக் கிழிச்சுப் போட்டினம். வழக்குகள் வந்த வரிசை தற்செயலில்லை, வக்கீல் இல்லாத ஆக்களின்ர வழக்கு இடைவேளைக்கு முன்னுக்குக் கடைசியாத்தான் வந்தது எண்டு எழுதினவை. மனவுறுதி பெற்றோல் மாதிரித் தீர்ந்து போகும் எண்ட கதையை 2016ல 23 ஆய்வுகூடங்கள் திரும்பச் செய்து பாத்தும் பெரிசா ஒண்டும் அம்பிடேல்லை. அதால "நாலு முடிவு எடுத்துக் களைச்சுப் போனன்" எண்டதை நான் நம்பேல்லை. முழிச்சிருந்த மணித்தியாலத்தை எண்ணும். 5க்கு எழும்பினவனுக்கு ராவு 10 மணியோட 17 மணித்தியாலம். அவ்வளவு நேரம் முழிச்சிருந்தா கை மூளை தடுமாறுறது ரத்தத்தில 0.05 வீதம் சாராயம் இருக்கிற ஆள் மாதிரி எண்டு 1997லயே அளந்து காட்டினவை. உம்மட மூண்டாவது நாலாவது ட்ரேட் ரெண்டும் 10க்குப் பிறகுதானே?

வவுனியா வியாபாரி: நித்திரை கித்திரை எல்லாம் சும்மா கதை. கோடை காலத்தில நியூயோர்க் பங்குச்சந்தை எங்கட நேரம் ராவு 7க்குத் திறக்கும், 9.30ல இருந்து 11 மட்டும் அவங்களுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம், மார்க்கெட் படுத்துக் கிடக்கும், விலை அங்கயும் இஞ்சயும் ஆடிப்போட்டு உன்ர ஸ்டாப்பைக் கொத்திக் கொண்டு போகும். நீ நித்திரை கொண்டுட்டு வந்தாலும் அந்த நேரம் அடிதான் வாங்குவாய். சிஸ்டம் பிழை, ஆள் பிழையில்லை.

குளத்தடி: பாதி சரி. இன்னொரு பொறியும் கிடக்கு, ஒருத்தரும் கவனிக்கேல்லை. தம்பி முதல் ரெண்டிலயும் நல்லா வென்ற நாளில எழும்பிப் போயிடுவார், நாலாவது ட்ரேட் வாற நாளே அனேகமா அடி வாங்கின நாள். அப்ப நாலாவது கெட்டதாத் தெரியிறதில புதினமில்லை, களைப்பே இல்லாட்டிலும் அப்பிடித்தான் தெரியும். அதால லாப நட்டத்தை விட்டிட்டு சட்டம் மீறினதை எண்ணும், ஸ்டாப் நகர்ந்ததா, லொட் கூடினதா, எழுதி வைக்காத இடத்தில உள்ளுக்குப் போனீரா. லாபத்தில அதிஷ்டம் கலந்திருக்கும், நாப்பது ட்ரேட்டில ஒண்டும் விளங்காது. ஸ்டாப்பை இழுத்தது உம்மட கை மட்டும்தான், மார்க்கெட் படுத்துக் கிடந்தா அது ஸ்டாப்பில முட்டும், ஸ்டாப்பை இழுக்காது.

வவுனியா வியாபாரி: படுத்த மார்க்கெட்டில சலிப்பு வரும், சலிப்பில கை சும்மா இராது. அதுக்கு என்ன சொல்லுறியள்?

நைட் டியூட்டி அக்கா: தம்பி நான் வாட்டில ராவு வேலை செய்யிறனான், எங்களுக்கு விடியப்புறம் 3, 4 மணிதான் பொல்லாத நேரம். சில மருந்துகளை ஒராள் தனிய எடுத்துக் குடுக்கேலாது, ரெண்டு பேர் அளவைப் பாத்து ரெண்டு பேரும் கையெழுத்து வைக்கோணும். ஒருக்கா நான் பத்து மடங்கு பிழையா இழுத்திட்டன், மற்றப் பிள்ளைதான் கண்டது. எனக்கு அந்த நேரம் நித்திரை தூங்கின மாதிரியே தெரியேல்லை, நல்லா முழிப்பா இருக்கிறன் எண்டுதான் நினைச்சன். அதுசரி நீங்கள் ஏன் ராவில செய்யிறியள், கொழும்பு பங்குச்சந்தை பகலிலதானே?

கிளிநொச்சிப் பெடியன்: அக்கா பகல் கடை. போனை எடுத்தாலே முதலாளி கண்ணாலயே பேசுவார்.

குளத்தடி: அக்கா சொன்ன "முழிப்பா இருக்கிறன் எண்டு நினைச்சன்" எண்டதுதான் விசயம். 2003ல ஒரு ஆய்வு, ரெண்டு கிழமை ராவில 6 மணித்தியாலம் மட்டும் படுக்க விட்டவை, கடைசியில கவனம் ஒண்டு ரெண்டு ராவு கண்மூடாத ஆக்கள் மாதிரி விழுந்து போச்சு, ஆனா அவையைக் கேட்டா கொஞ்சம்தான் தூக்கமா இருக்கு எண்டினம். இன்னொண்டு 2011ல, நித்திரை முழிச்ச ஆக்கள் நட்டத்தைக் குறைக்கிறதை விட்டிட்டு லாபத்தைக் கூட்டிற பக்கம் சாய்ஞ்சவை. 11.50க்கு லொட்டை ரெண்டு மடங்காக்கினது அச்சொட்டா அதுதான்.
தம்பி, களைச்ச மூளைக்கு ராவில வேலை குடாதையும். வேலையால வந்த உடன 25 நிமிசம் அலாரம் வச்சுப் படும், அதுக்கு மேல படுத்தா எழும்பேக்க மண்டை மந்தமாக் கிடக்கும். 6.45க்கு தாளில ரெண்டே ரெண்டு இடம் எழுதும், ஒவ்வொண்டுக்கும் உள்ளுக்குப் போற விலை, ஸ்டாப், இலக்கு. மூண்டையும் சேத்து ஓடரைப் போட்டிட்டு ஸ்கிரீனை மூடும். 9.30க்கு நிக்கிறதை மூடிப்போட்டு மிச்ச ஓடரையும் அழியும், மூண்டாவது ட்ரேட் எண்ட கதையே வேண்டாம். பின்னேரப் பிளேன்ரீயையும் 4க்கு முன்னம் குடிச்சு முடியும், அதில இருக்கிற கஃபீனில பாதி அஞ்சு மணித்தியாலம் கழிச்சும் உடம்பில கிடக்கும்.

வெட்டுமெசின்: நெல் பால் பிடிக்கிற நேரம் நாங்கள் வயலில யானைக் காவல் இருக்கிறனாங்கள், ஒராள் முன்சாமம் மற்றாள் பின்சாமம். முழு ராவும் ஒருத்தனே முழிச்சிருந்தா விடியப்புறம் எருமை மாட்டைக் கண்டும் யானை வெடி கொளுத்துவான், யானை வரேக்க வெடி இராது. உனக்கு ஆர் பின்சாமம்?

கிளிநொச்சிப் பெடியன்: ஒருத்தரும் இல்லை அண்ணை. மனிசி நல்ல நித்திரை.

நைட் டியூட்டி அக்கா: அப்ப ஸ்டாப்பை நகர்த்த முன்னம் அவவை எழுப்பி ஏன் எண்டு சொல்லோணும் எண்டு வையுங்கோ. எழுப்ப மாட்டியள் 😄

கிளிநொச்சிப் பெடியன் (நாலு கிழமைக்குப் பிறகு): எண்ணிப் பாத்தன். 17 ராவு, பின்னேரம் குட்டித் தூக்கம் போட்டது 8, போடாதது 9. சட்டம் மீறினது போடாத நாளில 5 ராவு, போட்ட நாளில 2. 9.30 கதையை நாலு தரம் மீறினன், அதையும் சொல்லோணும். காசில பெரிய வித்தியாசமில்லை, மொத்தத்தில 11 டொலர் கீழ.

வவுனியா வியாபாரி: குட்டித் தூக்கம் போடாத நாள் எது? கடையில லொறி வந்து சாமான் இறக்கின நாளாத்தான் இருக்கும். அண்டைக்கு நாரி முறிஞ்சு முதலாளியிட்டப் பேச்சும் வாங்கிக் கொண்டு வந்திருப்பாய். அப்ப நித்திரையோ டென்சனோ எண்டு எப்பிடிப் பிரிக்கிறது?

குளத்தடி: இந்தக் கேள்வி நல்ல கேள்வி, ஒத்துக்கொள்ளுறன். அஞ்சுக்கு ரெண்டு தற்செயலாவும் வரும். பிரிக்கிறதெண்டா வேலை முடிய ஒரு குத்தியைச் சுண்டும், தலை விழுந்தா படுக்கிறது, பூ விழுந்தா படுக்கிறேல்லை, லொறி வந்ததோ இல்லையோ. இன்னும் நாப்பது ராவு.

கிளிநொச்சிப் பெடியன்: லொறி வாற நாள் வீட்ட வர 7.30 ஆகும் அண்ணை, தலை விழுந்தாலும் படுக்கேலாது, மார்க்கெட் திறந்திடும்.

வெட்டுமெசின்: அண்டைக்கு ட்ரேட் பண்ணாமல் விடன்.

கிளிநொச்சிப் பெடியன்: கிழமையில மூண்டு நாள் லொறி வருது அண்ணை.