புதுப்பிப்பு: தொங்கும் கம்பியின் நீளம்

முன்பு நான் கேட்டது: “40 மீட்டர் இடைவெளியில் சம உயரமுள்ள இரு கம்பங்களுக்கு நடுவே y = 50 cosh(x/50) என்ற வளைவாகத் தொங்கும் கம்பியின் நீளத்தைக் காணும்போது, வர்க்கமூலத்தை எப்படி நீக்குவது?”

விடை கிடைத்துவிட்டது. வளைவின் சாய்வு sinh(x/50) என்பதால், மூலத்துக்குள் நிற்கும் 1 + sinh²(x/50) அப்படியே cosh²(x/50) ஆகிவிடுகிறது. Cosh எப்போதும் நேர்மதிப்பே பெறுவதால் மூலம் எந்தத் தடையுமின்றி வெளிவருகிறது. −20 முதல் 20 வரை தொகையிட்டால் 100 sinh(0.4), அதாவது ஏறத்தாழ 41.08 மீட்டர்.

பரவளையம் என்றே கொள்ளலாம் என்ற நண்பர் சொன்னது பாதி சரி. நடுவிலுள்ள 4.05 மீட்டர் தொய்வை வைத்து அவருடைய தோராய வாய்பாடு 41.10 மீட்டர் தருகிறது. கம்பி இறுக இறுக இந்த வேறுபாடு இன்னும் குறையும்.

பொறியாளர் ஒருவர் சுட்டிய எல்லைதான் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. முன்னால் பெருக்கும் எண்ணும் உள்ளே வகுக்கும் எண்ணும் சமமாக இருந்தால் மட்டுமே மூலம் இப்படிச் சுருங்கும். y = 30 cosh(x/50) என்றால் உள்ளே வரும் 1 + 0.36 sinh²(x/50) முழு வர்க்கமன்று. செயின்ட் லூயிஸ் நகரின் கேட்வே வளைவு இத்தகையதே என்பதால், அதன் நீளத்தை எண்முறையில்தான் கணக்கிட வேண்டும்.

உயரம் வேறுபட்ட தம் வீட்டுக் கம்பங்களைப் பற்றிக் கேட்டவருக்கு இன்னும் முழு விடையில்லை. அங்கும் மூலம் சுருங்கும். ஆனால் கம்பியின் மிகத் தாழ்ந்த புள்ளி எங்கே விழுகிறது என்பதை அவர் அளந்து சொன்னால்தான் தொகையீட்டின் எல்லைகளை எழுத முடியும்.