கரண்ட் வந்தவுடன் ட்ரிப் விழுகிறது, கொன்டாக்டர் வயரிங்கில் என்ன பிழை?

களுவாஞ்சிப் பொடியன்: அவசரம். ஃபேன், லைட் மட்டும் தானாக இன்வேட்டருக்கு மாற ஒரு கொன்டாக்டர் போட்டேன். கரண்ட் போனால் ஒழுங்காக மாறுகிறது. திரும்பி வந்தால் டக்கென்று இழுக்கும், உடனே ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. கொன்டாக்டர் பழுதா?

ஏறாவூர் நானா: எங்கட வீட்டிலும் இன்வேட்டர் கத்தும். பற்றரிக்குத் தண்ணி விட்டதும் நின்றுவிட்டது.

வாழைச்சேனை மின்: கொயில் இழுக்கும் கரண்ட்டில் விழுகிறது. 30 செக்கன் டைமர் போடுங்கள்.

கல்முனை வயர்மேன்: அதை விடுங்கள். கொயிலுக்குப் போன கரண்ட் அதே ட்ரிப் வழியாகத்தானே திரும்புகிறது, எப்படி விழும்? இதெல்லாம் முதல் வருடப் பாடம். தம்பி, இன்வேட்டருக்குக் கரண்ட் எங்கிருந்து எடுத்தீர்? நியூட்ரல் எங்கே கட்டினீர்? விழுந்த பிறகும் ஃபேன் சுற்றுகிறதா?

களுவாஞ்சிப் பொடியன்: ஓம், சுற்றுகிறது. இன்வேட்டருக்கு மெயின் சுவிட்சில் நேரே எடுத்தேன், ட்ரிப்புக்கு முன்னால். லைவ் மட்டும்தான் கொன்டாக்டருக்குள் போகிறது. நியூட்ரல் எல்லாம் ஒரே பாரில்.

கல்முனை வயர்மேன்: அதுதான் வினை. கரண்ட் இருக்கும்போது இன்வேட்டர் உள்ளே வந்ததை அப்படியே வெளியே விடும், நியூட்ரலையும் சேர்த்து. லைவ் ட்ரிப் வழியாகப் போகிறது. திரும்பும்போது பாதி ட்ரிப் வழியாகவும் மீதி இன்வேட்டர் வழியாகவும் போகிறது. வித்தியாசம் 30 மில்லி அம்பியரைத் தாண்ட ஒரு ஃபேன் போதும். மெயினை இறக்கி, இன்வேட்டரையும் அணைத்து, அதன் வெளி நியூட்ரலைப் பாரிலிருந்து கழற்றி நுனிக்கு டேப் சுற்றும். பிறகு மெயினை ஏற்றிப் பாரும். விழாவிட்டால் காரணம் இதுதான். ஃபேன், லைட்டின் நியூட்ரலைத் தனிப் பாருக்குப் பிரித்து, இரண்டு என்ஓ இரண்டு என்சி உள்ள நாலு போல் கொன்டாக்டர் போட்டு, லைவும் நியூட்ரலும் சேர்ந்து மாறும்படி செய்யும். என்சி பக்கம் இன்வேட்டருக்கு. அப்போது கொயில் பற்றரியைத் தின்னாது.

அக்கரைப்பற்று சோலார்: ஒரே கொன்டாக்டரில் இரண்டு சப்ளையா? ஒன்று ஒட்டிக்கொண்டால் இன்வேட்டர் போய்விடும். இரண்டு கொன்டாக்டர், இன்டர்லொக்குடன். அதுதான் முறை.

கல்முனை வயர்மேன்: நாலு ஃபேனுக்கா? ஃபெக்டரி கட்டப் போகிறாரா?

அக்கரைப்பற்று சோலார்: ஒட்டின கொன்டாக்டர் நாலு ஃபேன் என்று பார்க்காது, அண்ணே.

வாழைச்சேனை மின்: சரி, டைமர் ட்ரிப்புக்காக வேண்டாம். ஆனால் கரண்ட் வந்து வந்து போகும் நேரம் கொயில் கடகடக்குமே, அதற்கு வேண்டும்.

கல்முனை வயர்மேன்: அதற்கு என்றால் சரி.

களுவாஞ்சிப் பொடியன்: நியூட்ரலைக் கழற்றினேன், விழவில்லை. நாலு போல் வாங்கப் போகிறேன். நன்றி.

அக்கரைப்பற்று சோலார்: மாற்றின பிறகு பற்றரியில் ஓடும்போது யாருக்காவது ஷொக் அடித்தால் எந்த ட்ரிப் விழும்? இன்வேட்டர் பக்கம் ட்ரிப்பும் இல்லை, நியூட்ரல் எர்த்தோடு சேரவும் இல்லை.

கல்முனை வயர்மேன்: இன்வேட்டர் மொடல் தெரியாமல் அதைச் சொல்ல முடியாது. தம்பி, மொடலைப் போடும்.