பனீர் பட்டர் மசாலா எந்தப் பெட்டியில்? மாதிரித் தேர்வு 14ஆம் கேள்வி

மணி_மூன்றாமாண்டு: ஹோட்டல் மேனேஜ்மெண்ட் மாதிரித் தேர்வில் வந்த கேள்வி. ஒரு மாதத்தில் 1,000 தட்டு விற்ற உணவகம். முதலில் விலை, அடுத்தது ஒரு தட்டுக்கான மூலப்பொருள் செலவு, கடைசியில் விற்ற தட்டு.

சிக்கன் பிரியாணி 180, 80, 400
சிக்கன் 65: 170, 70, 250
பனீர் பட்டர் மசாலா 200, 70, 180
மட்டன் சுக்கா 340, 160, 90
இறால் வறுவல் 380, 170, 80

மெனு எஞ்சினியரிங்கில் விற்பனையையும் லாபத்தையும் பார்த்து உணவை நான்கு பெட்டியில் போடுவார்கள்: இரண்டும் அதிகம் என்றால் ஸ்டார், விற்பனை மட்டும் என்றால் ப்ளோஹார்ஸ், லாபம் மட்டும் என்றால் பஸில், இரண்டும் இல்லை என்றால் டாக். பனீர் இதில் எது? விடைத்தாளில் பஸில் என்று இருக்கிறது. எனக்கு ஸ்டார் வருகிறது. யார் சரி?

தேர்வுப்புலி: விடைத்தாள் சரிதான் தம்பி, அதைத் தயாரித்ததே நான். 5 உணவு, ஆளுக்கு 20 சதவீதம். பனீர் 18 சதவீதம். இருபதைத் தொடாதது எப்படி பிரபலம் ஆகும்? லாபம் நன்றாக இருக்கிறது, விற்பனை குறைவு, ஆகவே பஸில். இதற்கு ஒரு இழையே தேவையில்லை.

கிச்சன்_கணக்கர்: தேவை இருக்கிறது ஐயா, உங்கள் விடைத்தாளை நம்பிப் பிள்ளைகள் தேர்வுக்குப் போகிறார்கள். இருபதோடு நிறுத்தக் கூடாது. அதில் 70 சதவீதம்தான் கோடு.

100 ÷ 5 × 0.7 = 14

பனீர் 18. கோட்டுக்கு மேலே இருக்கிறது. 1982-இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கசவானாவும் ஸ்மித்தும் இந்த முறையைக் கொண்டுவந்தபோதே 70 சதவீதம் என்றுதான் வைத்தார்கள். அது ஏன் என்பது இந்தக் கேள்வியிலேயே தெரிகிறது. பிரியாணி ஒன்றே 40 சதவீதத்தை அள்ளிக்கொண்டு போய்விட்டது. மிச்சம் இருக்கும் 60-ஐ நான்கு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 15தான் வரும். இருபதில் கோடு போட்டால் பிரியாணி நன்றாக விற்ற குற்றத்துக்கு மற்றவர்கள் எல்லாம் ஓடாத சரக்கு ஆகிவிடுவார்கள்.

தேர்வுப்புலி: 65-ம் 25 சதவீதம் விற்றிருக்கிறது, அதைப் பார்க்கவில்லையா? நன்றாக விற்பது இருபதைத் தாண்டத்தான் செய்கிறது. 70 என்பது அவர்கள் இருவரும் வைத்துக்கொண்ட எண், நியூட்டன் விதி இல்லை. பனீர் 18. பதினெட்டு இருபதைவிடச் சிறியது.

சுபா_எஃப்அண்ட்பி: இரண்டு பேருமே தப்பு என்று நினைக்கிறேன். ஒவ்வொரு தட்டிலும் நிற்கும் பணம் 100, 100, 130, 180, 210. கூட்டி ஐந்தால் வகுத்தால் 144. பனீர் 130, சராசரிக்குக் கீழே. கணக்கர் சொல்கிறபடி பிரபலம் என்று வைத்துக்கொண்டால் ப்ளோஹார்ஸ். எங்கள் கல்லூரியில் இப்படித்தான் போடச் சொன்னார்கள்.

கிச்சன்_கணக்கர்: சுபா, அந்த 144 எந்த வாடிக்கையாளரிடமிருந்து வந்தது? 80 தட்டு போன இறாலுக்கும் 400 தட்டு போன பிரியாணிக்கும் ஒரே எடை கொடுத்திருக்கிறீர்கள். தட்டால் பெருக்கிவிட்டுக் கூட்டுங்கள்: 40,000, 25,000, 23,400, 16,200, 16,800. மொத்தம் 1,21,400. ஆயிரத்தால் வகுத்தால் 121.40. ஒரு சராசரித் தட்டு கடையில் விட்டுப்போவது இவ்வளவுதான். அதற்குப் பதிலாக ஒரு பனீர் போனால் 8.60 ரூபாய் கூடுதல். கூடுதல் கொண்டுவருகிற உணவை எந்த நியாயத்தில் லாபம் குறைந்தது என்று எழுதுவீர்கள்?

இப்போது ஒரு வேடிக்கையைப் பாருங்கள். 14, 121.40 என்று கோடு போட்டால் பனீர் ஸ்டார். 20, 121.40 என்றால் பஸில். 14, 144 என்றால் ப்ளோஹார்ஸ். 20, 144 என்றால் டாக். உணவு மாறவில்லை, விலை மாறவில்லை. கோடு போடுகிறவர் கை நடுங்கினால் ஒரே பனீர் நான்கு பெட்டிக்கும் போய்வருகிறது. அதனால்தான் கத்துகிறேன்.

தேர்வுப்புலி: கத்துவது தெரிகிறது. போன மாதம் இட்லி மாவு கணக்கிலும் இப்படித்தான் கத்தினீர்கள்.

கிச்சன்_கணக்கர்: இட்லி மாவில் நான் சொன்னதுதான் கடைசியில் நின்றது. அரிசியையும் உளுந்தையும் ஊறவைக்காமல் எடை போட்டு விளைச்சல் சொன்னவர் நீங்கள்.

தேர்வுப்புலி: நின்றது என்று நீங்கள் சொல்லிக்கொள்கிறீர்கள். அந்த இழையைப் பூட்டிவிட்டார்கள்.

மணி_மூன்றாமாண்டு: ஐயா, பனீர்...

கடைக்கார_அண்ணன்: இதற்கு இவ்வளவு கணக்கா? பனீர் 200 ரூபாய்க்கு 70 ரூபாய் சரக்கு, 35 சதவீதம். பட்டியலிலேயே குறைந்த செலவு அதுதான். மட்டன் 47 சதவீதம் தின்கிறது. பனீர்தான் முதல் இடம். நான் கடை நடத்துகிறேன், எனக்குத் தெரியும்.

கிச்சன்_கணக்கர்: அண்ணே, சதவீதத்தைப் பார்த்தால் மட்டனும் இறாலும்தான் உங்களுக்கு வில்லன். ஆனால் இறால் ஒரு தட்டு போனால் 210 நிற்கிறது, பனீரில் 130. கல்லாவில் விழுவது ரூபாய். கசவானா, ஸ்மித்துக்கு முன்னால் மில்லர் உணவுச் செலவுச் சதவீதத்தை வைத்துத்தான் பிரித்தார். விலை உயர்ந்த கறி, மீன் எல்லாம் அதில் அடிபட்டது. நீங்கள் அந்தக் காலத்திலேயே நிற்கிறீர்கள்.

கடைக்கார_அண்ணன்: ரூபாய் விழுகிறது, சரி. சுக்காவுக்குக் கறியை வேகவைத்து, வதக்கி, அடுப்பில் ஒரு ஆளை நிறுத்துகிறேனே, அந்தக் கூலியும் கேஸும் உங்கள் 180-இல் எங்கே கழிந்தது? பனீர் கிரேவி காலையிலேயே தயாராக இருக்கும், ஆர்டர் வந்ததும் சூடாக்கிக் கொடுத்துவிடலாம்.

சுபா_எஃப்அண்ட்பி: இதற்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

கிச்சன்_கணக்கர்: கூலி கழியாது. இந்த முறையில் விலையிலிருந்து மூலப்பொருளை மட்டும்தான் கழிக்கிறோம். அது முறையின் குறை, என் குறை இல்லை. கேள்வியிலும் கூலி கொடுக்கவில்லை. பதினான்காம் கேள்விக்கு வாருங்கள்.

கடைக்கார_அண்ணன்: இன்னொன்று. இந்தப் பெட்டிக் கணக்கைக் கேட்டு நான் ஒரு உணவைத் தூக்கினேன். காளான் மிளகு வறுவல். விற்பனையும் இல்லை, லாபமும் இல்லை, டாக் என்றார்கள். எங்கள் கடையில் சைவத்துக்கு இருந்த ஒரே வறுவல் அது. அம்மா மட்டும் சைவம் என்கிற குடும்பங்கள் மெனுவைப் புரட்டிவிட்டு எழுந்து போக ஆரம்பித்தார்கள். அவர்கள் கூடவே ஆறு பிரியாணியும் போனது. எந்தப் பெட்டியில் அது தெரிந்தது?

கிச்சன்_கணக்கர்: அது தெரியாது அண்ணே, உண்மைதான். தூக்குவதற்கு முன்னால் பில்லைப் பார்த்திருக்க வேண்டும், காளான் இருக்கும் பில்லில் வேறு என்னென்ன இருக்கிறது என்று. இங்கே பனீரும் அதே நிலைதான், பட்டியலில் சைவம் அது ஒன்றுதான். இன்னொரு விஷயமும் சொல்கிறேன்: இந்தக் கேள்வியே கோணல். 65 தொட்டுக்கொள்ள வாங்குவது, பிரியாணியோடு சேர்ந்தே போகும். அதையும் இதையும் ஒரே கூடையில் போட்டுச் சராசரி எடுக்கக் கூடாது. 65-ஐ விட்டுப் போட்டால் 750 தட்டு, 96,400 ரூபாய், சராசரி 128.53. பனீர் 130, மயிரிழையில் மேலே. நான்கு உணவுக்குக் கோடு 17.5 சதவீதம், பனீர் 24. அப்போதும் ஸ்டார்.

தேர்வுப்புலி: நான்கு உணவு என்றால் ஆளுக்கு 25. பனீர் 24. நீங்களே போட்ட கணக்கில் மறுபடியும் பஸில். நன்றி.

கிச்சன்_கணக்கர்: 0.7 எங்கே ஐயா? 0.7!

தேர்வுப்புலி: கேள்வியில் 0.7 என்று எழுதியிருக்கிறதா? மணி, கேள்வித்தாளைப் படம் எடுத்துப் போடு.

மணி_மூன்றாமாண்டு: எழுதவில்லை ஐயா. "வழக்கமான மெனு எஞ்சினியரிங் முறைப்படி" என்று மட்டும் இருக்கிறது.

கிச்சன்_கணக்கர்: வழக்கமான முறை என்றாலே 70 சதவீதம்தான். விடைத்தாளைத் திருத்துங்கள்.

தேர்வுப்புலி: எங்கள் மையத்தில் வழக்கம் இருபதுதான். திருத்த மாட்டேன்.

சுபா_எஃப்அண்ட்பி: என் 144-ஐ யாரும் ஒழுங்காக மறுக்கவில்லை.

கிச்சன்_கணக்கர்: மறுத்தாயிற்று. மேலே போய்ப் படியுங்கள், 121.40 இருக்கிறது.

மணி_மூன்றாமாண்டு: 15ஆம் கேள்வியில் 12 உணவு கொடுத்திருக்கிறார்கள். அதற்குக் கோடு 5.83-ஆ, 8.33-ஆ?

கிச்சன்_கணக்கர்: 5.83.

தேர்வுப்புலி: 8.33.