‘ஐடியல் பாடி வெயிட்’: தமிழில் என்ன சொல்லலாம்?

செல்வி:
அனைவருக்கும் வணக்கம். செவிலியர் மாணவிகளுக்கான மருந்துக் கணக்குக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஐடியல் பாடி வெயிட் என்பதற்கு ‘இலட்சிய எடை’ என்று எழுதிவிட்டேன். அடுத்த பக்கத்திலேயே சிக்கல். 5 அடி உயர ஆணுக்கு டிவைன் சூத்திரம் 50 கிலோ சொல்கிறது, ராபின்சன் 52, மில்லர் 56.2. இலட்சியம் ஆளுக்கொன்றாக இருக்குமா? ‘உகந்த எடை’ என்று மாற்றிவிடட்டுமா?

ராமநாதன்:
உகந்த எடையே போதும் அம்மா, எளிய சொல். ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாட்டு மக்களை அளந்து சூத்திரம் போட்டிருப்பார்கள், அதனால்தான் விடை மாறுகிறது. நம் மக்களை அளந்து நாமே ஒன்று செய்துகொண்டால் இந்தக் குழப்பம் வராது.

மும்தாஜ்:
ராமநாதன் ஐயா, நம் மக்களுக்குத் தனி அளவு வேண்டும் என்பது சரி. ஆனால் இந்த மூன்றும் ஒரே நாட்டிலிருந்து, அமெரிக்காவிலிருந்து வந்தவை. நான் ஐசியுவில் மருந்தாளுநர், தினமும் இதோடுதான் வேலை.

டிவைன் 1974இல் எழுதியது ஜென்டாமைசின் பற்றிய கட்டுரை. அந்த மருந்து உடல் நீரில் பரவும், கொழுப்பில் அதிகம் சேராது. பருமனானவருக்கு முழு எடைக்கும் கணக்கிட்டால் அளவு மீறிவிடும் என்பதால் உயரத்தை வைத்து ஓர் எடை தேவைப்பட்டது. ராபின்சனும் மில்லரும் 1983இல் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் உயர–எடை அட்டவணையை வைத்து அதைத் திருத்தினார்கள்.

வித்தியாசம் எங்கே என்று இந்த வரிகளிலேயே தெரியும். ஆண்களுக்கு, 5 அடிக்கு மேல் உள்ள அங்குலம் `x` என்றால்:

```
டிவைன்     50   + 2.3x
ராபின்சன்   52   + 1.9x
மில்லர்     56.2 + 1.41x
```

மில்லர் மேலே தொடங்கி மெல்ல ஏறுகிறார், டிவைன் கீழே தொடங்கி வேகமாக ஏறுகிறார். 5 அடி 7 அங்குலத்தில் இருவருக்கும் 66.1 கிலோ, ராபின்சனுக்கு 65.3. நடுத்தர உயரத்தில் சண்டையே இல்லை. 6 அடி 3 அங்குலம் போட்டுப் பாருங்கள், வரிசை தலைகீழாகிவிடும்: டிவைன் 84.5, ராபின்சன் 80.5, மில்லர் 77.4. ஓர் அங்குலத்துக்கு எத்தனை கிலோ என்பதில்தான் கருத்து வேறுபாடு.

வசந்தா:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் உயரம் 4 அடி 10 அங்குலம், எடை 52 கிலோ. ஜிம்மில் இதே டிவைன் கணக்கைப் போட்டு 41 கிலோவுக்கு வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்படியானால் 11 கிலோ குறைக்க வேண்டுமா?

மும்தாஜ்:
வேண்டாம் அக்கா, அந்தச் சீட்டை நம்பி இறங்காதீர்கள். பெண்களுக்கு டிவைன் 45.5இல் தொடங்குகிறது. 5 அடிக்குக் கீழே எப்படிப் போவது என்று அதில் இல்லை. சிலர் அங்குலத்துக்கு 2.3 கழிக்கிறார்கள், சிலர் 45.5இலேயே நிறுத்துகிறார்கள். மில்லரில் அதேபோல் கழித்தால் உங்களுக்கு 50.4 வரும். ஒரே ஆளுக்கு ஒன்பதரை கிலோ இடைவெளி! குறைக்க வேண்டுமா என்பதை உங்கள் இடுப்புச் சுற்றளவையும் சர்க்கரையையும் பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.

செல்வி, இதனால்தான் ‘உகந்த’ என்பதும் எனக்கு உறுத்துகிறது. படிப்பவர் அதை இலக்காக எடுத்துக்கொள்வார். 5 அடி 3 அங்குல உயரத்தில் 95 கிலோ எடையுள்ள பெண்ணை வென்டிலேட்டரில் போடும்போது நாங்கள் 52.4 கிலோ என்றே கணக்கிடுவோம். கிலோவுக்கு 6 மில்லி, ஆக ஒரு மூச்சுக்கு 314 மில்லி காற்று. 95க்குப் போட்டால் 570 ஆகி நுரையீரல் சேதமடையலாம். உடம்பு பருத்தாலும் நுரையீரல் பெரிதாகாது, அது உயரத்தைப் பொறுத்தது. அவர் 52 கிலோவாக வேண்டும் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. ‘உயரவழி எடை’ என்று வைத்தால் என்ன?

சிவநேசன், யாழ்ப்பாணம்:
‘உயரவழி’ நன்றாக இருக்கிறது. ‘எடை’ பற்றி ஒரு சொல். எங்கள் பாடநூல்களில் நீங்கள் எடை என்பதை நிறை என்போம், நீங்கள் நிறை என்பதைத் திணிவு என்போம். ‘உயரவழி நிறை’ என்று நான் எழுதினால் உங்கள் மாணவி வேறாகப் படிப்பாள். எடை என்றே வைத்தால் இரு பக்கமும் புரியும்.

ராமநாதன்:
மூன்றும் ஒரே நாடு என்பது எனக்குத் தெரியாது, நன்றி மும்தாஜ். ஆனாலும் நூலில் ‘ஐடியல்’ என்று இருப்பதை மொழிபெயர்ப்பாளர் விட்டுவிடலாமா? அது திருத்தம் ஆகாதா?

மும்தாஜ்:
அந்தக் காப்பீட்டு நிறுவனமே 1940களில் ‘ஐடியல்’ என்று போட்டதை 1959 அட்டவணையில் ‘விரும்பத்தக்க’ என்று மாற்றிக்கொண்டது ஐயா. வென்டிலேட்டர் கணக்கில் ‘கணித்த எடை’ என்றே பெயர். மூலத்துக்காரர்களே விட்ட சொல்லை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

செல்வி:
நூலின் உள்ளே ‘உயரவழி எடை’ என்று போடுகிறேன். ‘இலட்சிய எடை’ முதல் முறை மட்டும், தேடுபவர்களுக்காக. ஆனால் வென்டிலேட்டர் பாடத்தில் இரண்டு சொல்லும் ஒரே பத்தியில் வருகிறது. அங்கே ‘கணித்த எடை’யைத் தனியாக வைப்பதா, இரண்டுக்கும் ஒரே சொல்லா? ராமநாதன் ஐயா, உங்கள் கருத்தையும் சொல்லுங்கள்.