இரும்பு, கந்தகம், மோல்: ஒரு யோசனை வேண்டும்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லித் தருகிறேன். 5.6 கிராம் இரும்புத் தூள், 3.2 கிராம் கந்தகம் நிறுத்து வைத்து, இரண்டிலும் 0.1 மோல், அதாவது சுமார் 6.022 × 10²² அணுக்கள் என்றேன். இரும்பணு 1.75 மடங்கு கனம், அதனால்தான் எடை வேறு. சூடாக்கினால் ஒன்றுக்கு ஒன்றாகச் சேர்ந்து 8.8 கிராம் FeS. இரண்டையும் 5.6 கிராம் எடுத்தால் 2.4 கிராம் கந்தகம் மிஞ்சும். இதுவரை சரி.

அப்புறம் ஒரு மாணவி கேட்டாள்: “கந்தகம் S₈ தானே சார், அப்போ ஒரு மோல் 256 கிராம் இல்லையா?” அணுவை எண்ணினால் 32, மூலக்கூறை எண்ணினால் 256 என்றேன். பாதிப் பேருக்குப் பிடிபடவில்லை. இதை வகுப்பிலேயே கையால் செய்து காட்ட வழி இருந்தால் சொல்லுங்களேன். கந்தகத்தை எரிப்பது மட்டும் வேண்டாம், இங்கே புகைபோக்கி கிடையாது.