மொழிபெயர்ப்பை மூலத்தோடு வரிவரியாக வைத்துப் பார்ப்பதற்கு என்ன சொல்லலாம்?

தேன்மொழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முடிந்துவிட்ட மொழிபெயர்ப்பை மூலத்தின் பக்கத்தில் வைத்து, எண், பெயர், தேதி, எதிர்மறை ஆகிய நான்கும் பிசகாமல் வந்திருக்கின்றனவா என்று பார்க்க ஒரு சரிபார்ப்புப் பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த வேலைக்குத் தமிழில் ஒரு பெயர் வேண்டும். ‘மெய்ப்புப் பார்த்தல்’ என்றால் எழுத்துப்பிழை பார்ப்பது என்றே எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். மூலத்தைத் திறக்காமலே பார்த்து முடித்தும் விடுகிறார்கள். இப்போதைக்கு ‘மூலச் சரிபார்ப்பு’ என்று போட்டிருக்கிறேன். அந்த நான்கையும் சேர்த்துச் சொல்ல ‘மாறாக்கூறுகள்’ என்று வைத்திருக்கிறேன். இரண்டும் சரிப்படுமா?

ஜெயந்தி எழுதியது:

வணக்கம் தேன்மொழி. நல்ல முயற்சி. வல்லினம் மிகும் இடங்களையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். நாங்கள் பார்க்கும் பயனர் கையேடுகளில் பாதிப் பிழை அங்கேதான் வருகிறது. ஒருமை பன்மை மயக்கமும் வேண்டும். பெயரைப் பொறுத்தவரை ‘திருத்தம்’ என்றாலே போதுமே, புதிதாக எதற்கு?

இளங்கோ எழுதியது:

ஜெயந்தி அம்மா, நீங்கள் சொல்வது தமிழை மட்டும் படித்தே கண்டுபிடிக்கக்கூடிய பிழைகள். தேன்மொழி கேட்பது, தமிழை மட்டும் படித்தால் கண்ணில் படவே படாத பிழைகளைப் பற்றி. ‘ஜூன் 7’ என்பது ‘ஜூலை 7’ ஆகிவிட்டால் வாக்கியத்தில் ஒரு குறையும் தெரியாது. சந்தி சரியாக இருக்கும், நடையும் நன்றாக இருக்கும்.

மொழிபெயர்ப்புப் பணிக்கான ஐஎஸ்ஓ 17100 தரநிலை (2015) இந்த வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்திருக்கிறது. மொழிபெயர்த்தவர் தன் வேலையைத் தானே பார்ப்பது ‘செக்’. வேறொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ‘ரிவிஷன்’. மொழிபெயர்ப்பை மட்டும் படித்து, எடுத்த காரியத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது ‘ரிவ்யூ’. அச்சுக்கு முன் கடைசியாகப் பார்ப்பது ‘புரூஃப்ரீட்’. தேன்மொழியின் வேலை இரண்டாவதற்குள் அடங்குகிறது. ஆனால் அதில் ஒரு பகுதிதான், நான்கே விஷயங்கள். நாம் அத்தனையையும் ‘திருத்தம்’ என்று ஒரே பெயரால் அழைப்பதால்தான், வேலையை ஒப்படைக்கும்போது எது நடந்தது, எது நடக்கவில்லை என்றே தெரியாமல் போகிறது.

‘மூலச் சரிபார்ப்பு’ எனக்குச் சரியாகப் படவில்லை. மூலத்தையே சரிபார்ப்பது, அதாவது ஆசிரியர் சொன்ன தகவல் உண்மையா என்று பார்ப்பது, என்று அது பொருள்படும். பதிப்பாசிரியர்கள் அந்தப் பொருளில்தான் எடுத்துக்கொள்வார்கள்.

ரவி எழுதியது:

‘ஒப்புநோக்கு’ என்று இருக்கிறதே? ஏட்டுச்சுவடிக்காரர்கள் காலங்காலமாகச் சொல்லும் சொல்.

வேலையைப் பொறுத்தவரை இதற்குப் பட்டியலே தேவையில்லை என்பேன். இரண்டு கோப்பிலிருந்தும் எண்களை உருவி ஒப்பிட்டால் நொடியில் முடிந்துவிடும்:

```
tr -d ',' < mulam.txt | grep -oE '[0-9]+(\.[0-9]+)?' | sort > a
tr -d ',' < tamil.txt | grep -oE '[0-9]+(\.[0-9]+)?' | sort > b
diff a b
```

காற்புள்ளியை முதலிலேயே எடுத்துவிடுவதால் 2,500,000 என்றும் 25,00,000 என்றும் எழுதும் வேறுபாடு தொல்லை தராது. எதிர்மறைக்கும் இதே வழிதான். ஆங்கில மூல வாக்கியத்தில் எத்தனை ‘நாட்’ இருக்கிறது, தமிழில் எத்தனை ‘இல்லை, கூடாது, ஆமல், ஆத’ இருக்கிறது என்று எண்ணுங்கள். எண்ணிக்கை ஒத்திருந்தால் சரி.

இளங்கோ எழுதியது:

ரவி, எண்ணுக்கு நீங்கள் தந்த கட்டளை பயனுள்ளது; முதல் சல்லடையாக வைத்துக்கொள்ளலாம். விட்டுப்போன எண்ணையும், இலக்கம் மாறிய எண்ணையும் அது காட்டிவிடும். எதைக் காட்டாது என்பதை ஓர் உதாரணத்தில் பார்ப்போம். மூலம் ஒரு நல்கை அறிவிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சொல்வது நான்கு செய்தி: விண்ணப்பித்த 40 அமைப்புகளில் 25க்கு நல்கை, அதில் கல்விக்கு 12, கலைக்கு 13, மொத்தத் தொகை 1.5 மில்லியன், விண்ணப்பம் 06/07க்குள் வந்து சேர வேண்டும், கேட்டாலொழிய அசல் ஆவணங்களை அனுப்ப வேண்டியதில்லை.

தமிழில் இப்படி வந்திருக்கிறது: “விண்ணப்பித்த 40 அமைப்புகளில் 25 அமைப்புகள் நல்கை பெறும். இவற்றுள் கலைக்கு 12, கல்விக்கு 13. மொத்தத் தொகை ஒன்றரைக் கோடி. விண்ணப்பங்கள் ஜூலை 6க்குள் வந்து சேர வேண்டும். அசல் ஆவணங்களை அனுப்பக் கூடாது.”

முதல் வரியில் ஆங்கிலம் 25ஐ முன்னால் சொல்லி 40ஐப் பின்னால் சொல்லும், தமிழ் 40இல் தொடங்கும். அது முறையான இடமாற்றம். நீங்கள் வரிசைப்படுத்தி ஒப்பிடுவதால் அதைப் பிழையென்று காட்டாது, நல்லது. ஆனால் அதே காரணத்தால் 12ம் 13ம் இடம் மாறியதையும் காட்டாது. இரண்டு கோப்பிலும் இரண்டு எண்ணும் இருக்கின்றன அல்லவா? ஆகவே எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, எண் எதனோடு ஒட்டியிருக்கிறது என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். ‘12 கல்வி’, ‘13 கலை’ என்று இணை இணையாக.

தொகையில் நேர்ந்தது பெரிய பிழை. ஒரு மில்லியன் என்பது பத்து லட்சம், 1.5 மில்லியன் பதினைந்து லட்சம்தான். கட்டளை இங்கே ‘1.5 காணோம்’ என்று மட்டும் சொல்லும். ‘பதினைந்து லட்சம்’ என்று சரியாக எழுதியிருந்தாலும் அதையேதான் சொல்லும். சரியானதற்கும் தவறானதற்கும் ஒரே எச்சரிக்கை வந்தால், சில பக்கங்களுக்குப் பிறகு பார்ப்பவர் எச்சரிக்கையையே கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார். எழுத்தால் எழுதிய எண்களோ அதற்குத் தெரியவே தெரியாது. தொண்ணூறும் தொள்ளாயிரமும், எழுபதும் எழுநூறும் குழம்புவது அங்கேதான். எழுத்தால் வரும் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் இலக்கத்தைக் குறித்துவிட்டு ஒப்பிடுவது நல்லது.

தேன்மொழி எழுதியது:

ஐயா, தேதியில் என்ன பிழை? 06/07 என்றால் ஜூலை 6 என்றும் வரலாமே.

இளங்கோ எழுதியது:

வரலாம். அமெரிக்க வழக்கில் ஜூன் 7, பிரிட்டிஷ் வழக்கில் ஜூலை 6. இந்த ஒரு வரியை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. அதே ஆவணத்தில் 12க்கு மேற்பட்ட எண் வரும் இன்னொரு தேதியைத் தேடுங்கள். எங்காவது 06/25 என்று இருந்தால் மாதம் முதலில் வருகிறது என்று உறுதி. அப்படி ஒன்றும் இல்லையென்றால் கிழமையோ, முன்பின் நிகழ்வோ உதவும். அதுவும் இல்லையென்றால் எழுதியவரிடம் கேட்க வேண்டும், ஊகிக்கக் கூடாது. தேதியோடு ஒட்டி வரும் ‘க்குள்’, ‘க்கு முன்’, ‘வரை’ ஆகியவற்றையும் தேதியின் பகுதியாகவே பாருங்கள். ‘ஜூன் 7க்கு முன்’ என்றால் 7ஆம் தேதி போய்விட்டது.

இனி எதிர்மறை. ரவி சொன்னபடி எண்ணிப் பார்ப்போம். மூலத்தில் ‘நீட் நாட்’, ஒன்று. தமிழில் ‘கூடாது’, ஒன்று. கணக்கு ஒத்துவிட்டது, ஆனால் பொருள் கெட்டுவிட்டது. ‘தேவையில்லை’ என்பது ‘தடை’ ஆகிவிட்டது. ‘கேட்டாலொழிய’ என்ற விலக்கும் விழுந்துவிட்டது. ‘அன்லெஸ்’ என்ற சொல்லில் ‘நாட்’ இல்லாததால் எண்ணிக்கை அதைத் தொடவே இல்லை. மாறாக, “கேட்டால் மட்டும் அசல் ஆவணங்களை அனுப்பினால் போதும்” என்று ஒருவர் எழுதியிருந்தால் அதில் எதிர்மறையே கிடையாது. உங்கள் கணக்குப்படி அது பிழை. உண்மையில் அதுதான் சரியான, நல்ல தமிழ்.

எதிர்மறையை எண்ணக் கூடாது, கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டும். “யாரும் கேட்காதபோது ஒருவர் அசலை அனுப்பினால் தவறா?” மூலத்தின் பதில் ‘தவறில்லை’, மொழிபெயர்ப்பின் பதில் ‘தவறு’. “கேட்ட பிறகும் அனுப்பாவிட்டால்?” மூலத்தில் தவறு, மொழிபெயர்ப்பில் அனுப்பாததே சரி. விடைகள் வேறுபட்டால் பிழை.

ரவி எழுதியது:

‘நீட் நாட்’ விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நூறு பக்கத்துக்கு ஒவ்வொரு வாக்கியத்தையும் கேள்வியாக மாற்ற யாருக்கு நேரம்? எண்ணிக்கை வேறுபடும் வாக்கியங்களை மட்டும் கேட்டுப் பார்க்கலாமே.

இளங்கோ எழுதியது:

எண்ணிக்கை ஒத்திருந்தும் கெட்ட வாக்கியத்தைத்தான் இப்போது பார்த்தோம். எல்லா வாக்கியமும் வேண்டாம்; மூலத்தில் எதிர்மறை, விலக்கு, வரம்பு வரும் வாக்கியங்களை மட்டும் முதலில் வட்டமிடுங்கள். ‘குறையாமல்’, ‘மிகாமல்’ என்று முடிய வேண்டியவையும் அதில் சேரும். தமிழில் எதிர்மறை வாக்கியக் கடைசியில், பல நேரம் ஒரே எழுத்தில் இருக்கிறது. ‘முடிந்த’, ‘முடியாத’ என்பதை வேகமாகப் படிக்கும் கண் தாண்டிப் போய்விடும்.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. “எல்லா விண்ணப்பங்களும் ஏற்கப்படவில்லை” என்றால் சில ஏற்கப்பட்டனவா, ஒன்றுகூட ஏற்கப்படவில்லையா? இரண்டுமாகப் படிக்கலாம். மூலம் ஒன்றைத்தான் சொல்லியிருக்கும். “சில விண்ணப்பங்கள் ஏற்கப்படவில்லை” என்றோ “ஒரு விண்ணப்பமும் ஏற்கப்படவில்லை” என்றோ பிரித்து எழுதச் சொல்லிக் குறிப்பெழுத வேண்டும்.

ஜெயந்தி எழுதியது:

இப்போது புரிகிறது, நான் வேறு வேலையைப் பற்றிப் பேசிவிட்டேன். பெயர்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? எங்கள் கையேடுகளில் ஒரே பெயர் முதல் இயலில் ஸ்டீபன், நான்காம் இயலில் ஸ்டீவன் என்று வரும். படிப்பவர் இரண்டு ஆள் என்று நினைத்துவிடுவார். இதைவிட மோசம், இரண்டு வேறு பெயர்கள் தமிழில் ஒன்றாகிவிடுவது. ககரத்துக்கும் பகரத்துக்கும் ஒலிப்பு வேறுபாட்டை நாம் எழுத்தில் காட்டுவதில்லை அல்லவா? பெயர் முதலில் வரும்போதே இரு பத்தி அட்டவணையில் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு தமிழ் வடிவத்தையும் கோப்பு முழுவதும் தேடி எண்ணிக்கையை ஒப்பிடுகிறோம். ரவியின் கட்டளை மாதிரி ஒன்று இங்கே உண்மையிலேயே உதவும்.

சொல்லுக்கு வருகிறேன். கணக்குப் புத்தகத்தை ரசீதோடு வைத்து ‘ஒத்துப் பார்த்தாயா?’ என்று கேட்பார்களே, அதையே வைத்துக்கொண்டால் என்ன? ‘ஒத்துப்பார்ப்பு’.

இளங்கோ எழுதியது:

இது எனக்குப் பிடித்திருக்கிறது. ‘ஒப்புநோக்கு’ வேண்டாம் என்பதற்குக் காரணமும் இதிலேயே கிடைக்கிறது. சுவடிகளை ஒப்புநோக்குபவருக்கு எந்தச் சுவடியும் முன்கூட்டியே சரியானதல்ல. எது நல்ல பாடம் என்று அவர் முடிவு செய்கிறார். இங்கே அப்படியில்லை. ரசீதுதான் அளவுகோல், கணக்கு அதற்கு ஒத்துப்போக வேண்டும். மூலத்தில் பிழை கண்டால்கூட மொழிபெயர்ப்பில் சத்தமில்லாமல் திருத்தக் கூடாது, குறிப்பெழுதிக் கேட்க வேண்டும். ‘ஒத்துப்பார், ஒத்துப்பார்ப்பவர், ஒத்துப்பார்க்காத பிரதி’ என்று சொல் இயல்பாகவே விரிகிறது.

‘மாறாக்கூறுகள்’ பற்றி ஒரு தயக்கம். அந்தப் பெயரைப் பார்த்தால் 1.5 மில்லியனை அப்படியே விட வேண்டும், 06/07ஐத் தொடக் கூடாது என்று புதியவர் நினைப்பார். வடிவம் மாறலாம், மாற வேண்டும். மதிப்புத்தான் மாறக் கூடாது.

தேன்மொழி எழுதியது:

‘ஒத்துப்பார்ப்பு’ என்றே வைத்துக்கொள்கிறேன். பட்டியலையும் மாற்றிவிட்டேன். நான்கையும் ஒரே வாசிப்பில் தேடாமல் நான்கு தனிச் சுற்று: முதலில் எண், அடுத்து தேதி, பிறகு பெயர், கடைசியில் எதிர்மறை. ஒவ்வொரு சுற்றிலும் மூலத்தில் குறித்துக்கொண்டு தமிழுக்கு வருவது. விடுபட்டது அதில் தெரியும். எண்ணுக்கும் பெயருக்கும் மட்டும் தமிழிலிருந்து மூலத்துக்கு மறுபடி ஒரு தடவை. மூலத்தில் இல்லாதது நுழைந்திருந்தால் அப்போதுதான் தெரியும். நான்குக்கும் பொதுப்பெயராக ‘மதிப்புக்கூறுகள்’ என்று வைக்கலாமா?

ரவி எழுதியது:

எண்ணுக்கும் தேதிக்கும் சரி. பெயருக்கு என்ன மதிப்பு? எதிர்மறையோ கூறே அல்ல, அது முழு வாக்கியத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று இளங்கோவே காட்டிவிட்டார். முதல் மூன்றையும் தேடி எடுத்து ஒத்துப்பார்க்கலாம், நான்காவதைப் படித்துத்தான் பார்க்க முடியும். அதை இந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டுத் தனிப் பட்டியல் ஆக்குங்கள் என்பது என் கருத்து.

இளங்கோ எழுதியது:

தனிப் பட்டியல் ஆக்கினால் நேரம் குறைவான நாளில் முதலில் விடுபடுவது அதுதான். ஒரே தாளில் இருக்கட்டும். பொதுப்பெயருக்கு எனக்கும் இன்னும் ஒன்றும் பிடிபடவில்லை. மற்றவர்கள் சொல்லுங்கள்.